ஊழல் குறியீட்டில் 71-ம் 36-ம்: அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

கேள்வி: "ஊழல் குறியீட்டில் ஒரு நாட்டுக்கு 71 மதிப்பெண், இன்னொரு நாட்டுக்கு 36. அப்படியென்றால் இரண்டாவது நாட்டில் ஊழல் இரண்டு மடங்கு என்று சொல்லலாமா? போன வருடம் 39 வாங்கிய நாடு இந்த வருடம் 36-க்கு இறங்கினால் அங்கே ஊழல் கூடிவிட்டது என்று அர்த்தமா? யார், எப்படி அளக்கிறார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில், நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு, அந்த மூன்று புள்ளியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஏன் என்பது அந்த எண் தயாராகும் விதத்தைப் பார்த்தால்தான் புரியும், அதனால் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது அதிகாரிக்குப் பணம் கொடுத்தீர்களா" என்று வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புகளில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். நிபுணர்களுக்கு அனுப்பப்படும் கேள்வித்தாள்களையும் சில முறை நிரப்பியிருக்கிறேன். இந்த இரண்டு அனுபவமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வரக் காரணம்.

நீங்கள் சொல்வது டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு 1995 முதல் வெளியிடும் ஊழல் உணர்வுக் குறியீடு என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் மதிப்பெண் குறையக் குறைய ஊழல் அதிகம் என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது ஊழலின் அளவு அல்ல, ஊழல் பற்றிச் சிலர் வைத்திருக்கும் எண்ணத்தின் அளவு. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. லஞ்சம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அதை மறைப்பதில்தான் லாபம், அதனால் எங்கும் பதிவு இருக்காது. ஊழல் வழக்குகளை எண்ணினால் போலீசும் நீதிமன்றமும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதுதான் தெரியும். ஆக, விவரம் தெரிந்தவர்கள் என்று கருதப்படுபவர்களைக் கேட்பதே வழி என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் அந்த அமைப்பே யாரையும் போய்க் கேட்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வேறு நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தேவைக்காகத் தயாரிக்கும் மதிப்பீடுகளை எடுத்துச் சேர்க்கிறது, அவ்வளவுதான். 2024 பட்டியலில் 180 நாடுகள் இருந்தன. அதற்கான மூலங்கள் மொத்தம் 13, அவற்றைத் தருபவை 12 நிறுவனங்கள். உலக வங்கி இருக்கிறது, உலகப் பொருளாதார மன்றம் கம்பெனி நிர்வாகிகளிடம் நடத்தும் கருத்துக்கணிப்பு இருக்கிறது, முதலீட்டாளர்களுக்கு ஆபத்து எவ்வளவு என்று சொல்லி அறிக்கை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நாட்டைப் பற்றிக் குறைந்தது மூன்று மூலங்களாவது பேசினால்தான் அந்த நாடு பட்டியலில் வரும்.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஒவ்வொரு அளவுகோல். ஒன்று 1 முதல் 7 வரை, ஒன்று 0 முதல் 10 வரை. இவற்றை ஒரே தராசில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு மூலம் நாடுகளுக்குத் தந்த மதிப்பெண்களின் சராசரியையும், அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தையும் எடுத்து, சராசரி 45-ஆகவும் திட்டவிலக்கம் 20-ஆகவும் வரும்படி மாற்றுகிறார்கள். இதற்கு அடிப்படை 2012-ம் ஆண்டுத் தரவு. புரிவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: 1 முதல் 7 வரை அளக்கும் ஒரு மூலத்தில் சராசரி 4, திட்டவிலக்கம் 1, நம் நாட்டுக்கு அது தந்தது 3.5 என்று வைத்துக்கொள்வோம்.

```
(3.5 − 4) / 1 = −0.5
45 + 20 × (−0.5) = 35
```

இப்படி எல்லா மூலங்களையும் மாற்றி, கடைசியில் சாதாரண சராசரி எடுத்து, முழு எண்ணாக்கினால் பட்டியலில் நீங்கள் பார்க்கும் எண் வந்துவிடும்.

இரண்டு மடங்கு கேள்வி இங்கேயே விழுந்துவிடுகிறது. 45, 20 என்பவை எண்கள் பெரும்பாலும் 0-க்கும் 100-க்கும் இடையில் அடங்கட்டும் என்று தேர்ந்தெடுத்தவை. அந்தப் பூஜ்யம் எடையில் இருக்கும் பூஜ்யம் போன்றது அல்ல. 71 வாங்கிய நாடு 2012-ன் உலகச் சராசரியிலிருந்து ஏறக்குறைய 1.3 திட்டவிலக்கம் மேலே இருப்பதாக எண்ணப்படுகிறது, 36 வாங்கிய நாடு அரைத் திட்டவிலக்கத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இருப்பதாக எண்ணப்படுகிறது. அவ்வளவுதான் அந்த எண்கள் சொல்வது. எத்தனை பேர் லஞ்சம் கொடுத்தார்கள், எவ்வளவு பணம் கைமாறியது என்பதற்கும் இந்தத் தூரத்துக்கும் வாய்ப்பாடு எதுவும் கிடையாது. இன்னொன்று, 2012-க்கு முன் கணக்கிடும் முறையே வேறு, அளவுகோலும் 0 முதல் 10 வரை. பழைய மதிப்பெண்ணைப் பத்தால் பெருக்கி, "இருபது வருடத்தில் இவ்வளவு முன்னேற்றம்" என்று வரைபடம் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த அமைப்பே அப்படி ஒப்பிடக் கூடாது என்கிறது.

சரி, 39-லிருந்து 36. இதற்கும் ஒரு கற்பனை நாட்டை எடுத்துப் பார்ப்போம். ஐந்து மூலங்கள் அதற்கு 31, 34, 36, 38, 51 தருகின்றன. சராசரி 38. ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை, ஒருவர் தனியாக மேலே நிற்கிறார். இந்தச் சிதறலிலிருந்து, சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்று சொல்லும் திட்டப்பிழையைக் கணக்கிட்டால் 3.4 சொச்சம் வரும். உண்மையான சராசரி எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி என்று போட்டால் 32-லிருந்து 44 வரை. அடுத்த வருடம், 51 தந்த நிறுவனம் இந்த நாட்டை மதிப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. மற்ற நால்வரும் போன வருடம் சொன்னதையே சொல்கிறார்கள். இப்போது சராசரி 34.75, அதாவது 35. நாட்டில் ஒரு துரும்பும் அசையவில்லை, எவருடைய அபிப்பிராயமும் மாறவில்லை, மூன்று புள்ளி போய்விட்டது. நீங்கள் கேட்ட அதே மூன்று புள்ளி.

தரவரிசை இதைவிட மோசம். 30-களிலும் 40-களின் தொடக்கத்திலும் நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்தியா 2022-ல் 40 மதிப்பெண்ணோடு 85-வது இடம், 2023-ல் 39 மதிப்பெண்ணோடு 93-வது இடம். ஒரு புள்ளிக்கு எட்டு இடம். தலைப்புச் செய்தியில் வருவது எட்டு இடம்தான். அந்த ஒரு புள்ளி, நம்பிக்கை இடைவெளிக்குள் அடங்கிவிடும் அளவு.

மூலங்கள் மாறுவது ஒரே நாட்டின் இரண்டு வருடங்களுக்கு இடையில் மட்டும் நடப்பதில்லை. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போதும் அதே சிக்கல்தான். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆப்பிரிக்க நாடுகளைத்தான் மதிப்பிடும். குறியீட்டில் சேரும் உலக வங்கி மதிப்பீடு சலுகைக் கடன் பெறும் ஏழை நாடுகளுக்கானது. வேறு சில மூலங்கள் பணக்கார நாடுகளோடு நின்றுவிடும். ஆக 71 வாங்கிய நாட்டின் விடைத்தாளைத் திருத்தியவர்களும் 36 வாங்கிய நாட்டின் விடைத்தாளைத் திருத்தியவர்களும் பாதிக்குமேல் வேறு ஆட்களாக இருக்கலாம். கேள்விகளும் வேறு. ஒரு மூலம் ஏற்றுமதி, இறக்குமதி, வரி அலுவலகங்களில் கம்பெனிகள் கொடுக்கும் பணத்தைப் பற்றிக் கேட்கும். இன்னொன்று, ஊழல் செய்த அதிகாரி தண்டிக்கப்படுகிறாரா என்று பார்க்கும். இவற்றையெல்லாம் கூட்டி வகுத்து வரும் எண்ணுக்கு ஒரே பொருள் இருப்பதாக நினைப்பது சிரமம். எல்லா மூலங்களும் அதே நாடுகளின் பட்டியலைப் பற்றிப் பேசுவது போல அளவுகோலைச் சரிசெய்ய, இல்லாத மதிப்பெண்களை மதிப்பிட்டு நிரப்பித்தான் அந்தச் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுகிறார்கள். அது நியாயமான முயற்சி. ஆனால் திருத்துபவர் மாறிவிட்டார் என்ற உண்மையை அது மாற்றாது.

இதுவரை சொன்னது கணக்கு. எனக்குப் பெரிய கவலை எண்ணத்தைப் பற்றியது. நான் நிரப்பிய ஒரு தாளில், பொதுப்பணம் தனியார் கைக்குப் போவது இந்த நாட்டில் எவ்வளவு சகஜம் என்ற கேள்வி இருந்தது. 1 என்றால் மிகச் சகஜம், 7 என்றால் நடப்பதே இல்லை. 3-லா 4-லா என்று யோசித்தபோது என் மனதில் ஓடியது அந்த மாதம் பத்திரிகையில் படித்த ஒரு டெண்டர் விவகாரம். என் சொந்தக் கணக்கெடுப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 3 போட்டேன். அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் 4 போட்டிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். பணம் எப்போதோ போய்விட்டது. என் எண்ணத்தை மாற்றியது அது வெளியே வந்த நாள்.

இது பெரிய அளவில் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் பிரேசிலைப் பாருங்கள். 2014 மார்ச்சில் அங்கே லாவா ஜாட்டோ என்ற விசாரணை தொடங்கியது. அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் ஒப்பந்தங்களை கட்டுமானக் கம்பெனிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டதும், ஒப்பந்தத் தொகையில் சில சதவீதம் நிர்வாகிகளுக்கும் கட்சிகளுக்கும் போனதும் வெளியே வந்தன. அந்தப் பணம் போனது பெரும்பாலும் விசாரணைக்கு முந்தைய பத்து வருடங்களில். குறியீட்டில் பிரேசிலின் மதிப்பெண் 2012-ல் 43, 2014-ல் 43. விசாரணை முழுவீச்சில் போன 2015-ல் 38. 2018-ல் 35. அதாவது கொள்ளை நடந்துகொண்டிருந்தபோது மதிப்பெண் அசையவில்லை. பெரிய முதலாளிகளும் அரசியல்வாதிகளும் சிறைக்குப் போக ஆரம்பித்த பிறகு சரிந்தது. பின்னால் அந்த விசாரணையின் நடைமுறைகள் பற்றியே கடுமையான விமர்சனங்கள் எழுந்தன, தீர்ப்புகள் சில ரத்தாயின. அது தனிக் கதை. மதிப்பெண் சரிந்த வரிசை அதனால் மாறாது.

35-தான் சரியான எண், முன்பிருந்த 43-தான் அறியாமையால் வந்தது என்று நீங்கள் வாதிடலாம். நானும் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் அப்படிச் சொன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: அதே 43-ல் அல்லது அதற்கு மேலே, யாரும் எதையும் தோண்டாத காரணத்தாலேயே நிற்கும் நாடுகள் எத்தனை? பத்திரிகை சுதந்திரமாக இருந்து, நீதிமன்றம் அமைச்சரைக் கூப்பிட்டு விசாரிக்கும் நாட்டையும், அப்படி எதுவும் நடக்காத நாட்டையும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் பார்த்தால், முதல் நாடு தோண்டியதற்கு விலை கொடுக்கிறது. பட்டியலில் அதற்கென்று எந்தத் திருத்தமும் இல்லை.

நிபுணர்களின் எண்ணம் மக்களின் அனுபவத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. மிரெய் ரஸாஃபிந்த்ரகோத்தோ, பிரான்ஸ்வா ரூபோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளின் பெரிய நகரங்களில் வீடுகளில் கேட்டார்கள்: கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு லஞ்ச அனுபவம் உண்டா? அப்புறம் அதே நாடுகளை நன்கு அறிந்த நிபுணர்களிடம், மக்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார்கள். வீடுகளில் கிடைத்த பதில் சராசரியாக 13 சதவீதம். நிபுணர்கள் ஊகித்தது 54 சதவீதம். நான்கு மடங்குக்கு மேல். எல்லா நாட்டுக்கும் ஒரே அளவில் கூட்டிச் சொல்லியிருந்தாலாவது தரவரிசை தப்பியிருக்கும். ஆனால் எந்த நாட்டில் அதிகம், எதில் குறைவு என்ற வரிசையும் மக்கள் சொன்னதோடு பொருந்தவில்லை.

இங்கே நான் சார்ந்த தரப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்பு பார்ப்பது சில்லறை லஞ்சத்தை மட்டும்தான், சான்றிதழுக்கும் போலீஸ் சோதனைக்கும் கொடுத்த பணம். துறைமுக ஒப்பந்தத்தில் போன பணம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் தெரியாது. பயம் உள்ள இடத்தில் மக்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். பதில் சொல்லும்போது குரல் தாழ்வதையும், வாசலை ஒரு முறை திரும்பிப் பார்ப்பதையும் நான் கவனித்திருக்கிறேன். தாளில் அது "இல்லை" என்றே பதிவாகும். அதனால் 13 சதவீதம் என்பதையும் முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு அளவுகளும் வேறு வேறு பொருள்களைத் தொடுகின்றன என்பது நிச்சயம். எது எவ்வளவு தவறுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

எண்ணத்தையும் உண்மையையும் ஒரே இடத்தில் வைத்து அளந்தவர் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார ஆய்வாளர். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒரு திட்டத்தில் சாலை போட்டார்கள். சாலை முடிந்ததும் பொறியாளர்கள் போய், அங்கங்கே தோண்டி, கல், சரளை, மணல் ஒவ்வொன்றும் எவ்வளவு போடப்பட்டிருக்கிறது என்று அளந்தார்கள். அந்த வட்டாரத்துச் சப்ளையர்களிடம் விலை விசாரித்தார்கள், வேலை செய்தவர்களிடம் கூலி கேட்டார்கள். இயல்பாக வீணாகும் பொருள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளச் சோதனைச் சாலைகளும் போட்டுப் பார்த்தார்கள். கணக்கில் எழுதிய செலவுக்கும் மண்ணில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் காணாமல் போன பணம். இன்னொரு பக்கம் ஊர்க்காரர்களிடம், இந்தச் சாலை வேலையில் ஊழல் நடந்திருக்குமா என்று கேட்டார்கள்.

ஊர்க்காரர்களின் எண்ணத்தில் உண்மை கொஞ்சம் இருந்தது. ஆனால் மிகக் கொஞ்சம்: காணாமல் போன பணம் 10 சதவீதம் கூடினால், ஊழல் நடந்தது என்று ஒருவர் சொல்லும் வாய்ப்பு 0.8 சதவீதம்தான் கூடியது. காரணம் அந்தச் சாலைக்குள்ளேயே இருந்தது. மணலின் விலையைக் கூட்டி எழுதினால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், விலை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் இருபது லாரி மணல் போட்டுவிட்டு முப்பது என்று எழுதினால், சாலைக்குள் புதைந்து கிடக்கும் மணலை யார் எண்ணுவார்கள்? அதனால் எடுத்தவர்கள் விலையைத் தொடவில்லை, அளவைத்தான் கூட்டி எழுதினார்கள். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பல இனத்தவர் கலந்து வாழ்ந்த கிராமங்களில் ஊழல் அதிகம் என்ற எண்ணம் அதிகமாக இருந்தது, ஆனால் உண்மையில் காணாமல் போன பணம் அங்கே குறைவு. ஒருவரை ஒருவர் நம்பாத இடத்தில் சந்தேகம் கூடுகிறது, அதே சந்தேகம் கணக்கையும் கண்காணிக்கிறது என்று விளக்கலாம். தன் வீட்டு வாசலில் போட்ட சாலையைப் பற்றியே எண்ணம் இவ்வளவு தடுமாறுகிறது என்றால், ஒரு முழு நாட்டைப் பற்றி நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து நான் போட்ட 3-க்கு எவ்வளவு எடை தருவது?

அதற்காகக் குறியீட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2024-ல் டென்மார்க் 90, தெற்கு சூடான் 8. இந்தத் தூரத்தை எந்த மூலத்தை நீக்கினாலும் அழிக்க முடியாது, இந்த வித்தியாசம் உண்மையானது என்று நான் நம்புகிறேன். ஆனால் மேலே இருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. குறியீடு அரசுத் துறையை மட்டும்தான் பார்க்கிறது. கறுப்புப் பணத்தை வெளுப்பது, வரி ஏய்ப்பு, தனியார் நிறுவனங்களின் மோசடி இதில் வராது. டென்மார்க்கின் மிகப்பெரிய வங்கியான டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ போனது, அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கி தானே ஏற்பாடு செய்த விசாரணை சொன்னது. வேறு நாட்டில் திருடிய பணம் வந்து ஒளியும் இடம் எது என்று கேட்டால் இந்தப் பட்டியல் பதில் சொல்லாது.

உங்கள் 39, 36 விஷயத்தில் செய்ய வேண்டியது இதுதான். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் தளத்தில் ஒவ்வொரு வருடமும் முழுத் தரவும் எக்செல் கோப்பாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் நாட்டின் வரிசையில் மொத்த மதிப்பெண்ணைத் தாண்டி வலது பக்கம் போங்கள். திட்டப்பிழை, நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகள், மூலங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு மூலமும் தந்த மதிப்பெண் எல்லாம் இருக்கும். இரண்டு வருடக் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் மூலங்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டுப் பாருங்கள். மூன்று புள்ளி அப்படியே இருந்தால், அதை இறக்கியது ஒரே மூலமா பல மூலங்களா என்று பாருங்கள். மூலங்களில் ஒன்றான, ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான் அறக்கட்டளை தரும் மதிப்பீடு போன்றவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருகின்றன, அதனால் சில கட்டங்களில் போன வருட எண்ணே மறுபடி உட்கார்ந்திருக்கும். அதை "மாற்றம் இல்லை" என்று படிக்காதீர்கள். பல மூலங்கள் ஒன்றாக இறங்கியிருந்தால், அந்த இரண்டு வருடத்தில் அங்கே பெரிய விசாரணை ஏதாவது வெளியே வந்ததா என்று செய்தித்தாளில் தேடுங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த நாட்டில் வீட்டுக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்திருந்தால், மொத்த மக்களில் எத்தனை சதவீதம் என்ற எண்ணை விட்டுவிட்டு, அதிகாரியைப் போய்ப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள் என்ற எண்ணை எடுங்கள். அலுவலகப் பக்கமே போகாதவரைக் கணக்கில் சேர்த்தால், லஞ்சம் குறைவாகத் தெரிவது ஆட்கள் போகாததாலும் இருக்கலாம்.